300க்கு ஒரு தாள், 5000க்கு வேறு தாள்: துண்டுப்பிரசுரம் அச்சடிப்பதற்கு முன்

"கொட்டாஞ்சேனையில் தைப்பொங்கலுக்குப் பலகாரக் கடை ஒன்று திறக்கப்போகிறேன். ஏ5 அளவில், இரண்டு பக்கமும் நிறத்தில் துண்டுப்பிரசுரம் வேண்டும். முதலில் தெரிந்தவர்களுக்குக் கொடுக்க 300. கடை திறக்கும் வாரத்தில் பத்திரிகைக்குள் வைக்கவும் தெருவில் கொடுக்கவும் 5000. ஓர் அச்சகத்தில் 170 ஜிஎஸ்எம் மட் என்கிறார்கள், இன்னொன்றில் 80 போதும் என்கிறார்கள். டிஜிட்டலா, ஒப்செட்டா, எந்தத் தாள்? கையில் அதிகம் பணமில்லை."

தாளிலிருந்து தொடங்காதீர்கள், எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். எத்தனை பிரதி என்பது எந்த முறையில் அச்சடிப்பது என்பதைத் தீர்மானிக்கும். அந்த முறைக்கு எது ஒத்துவரும், வாங்குகிறவர் கையில் அது எவ்வளவு நேரம் இருக்கும் என்ற இரண்டும் சேர்ந்து தாளைத் தீர்மானிக்கும். நீங்கள் கேட்டது ஒரு வேலை போலத் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு வேலைகள். 300ஐ டிஜிட்டலில், 130 ஜிஎஸ்எம் எடையுள்ள, பூச்சிட்ட பளபளப்பான ஆர்ட் பேப்பரில் அடியுங்கள். 5000ஐ ஒப்செட்டில், 100 அல்லது 115 ஜிஎஸ்எம் பளபளப்பான ஆர்ட் பேப்பரில் அடியுங்கள். 170 மட், அதாவது பளபளப்பில்லாத பூச்சுத் தாள், உங்கள் வேலைக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் அச்சகத்தில் நின்று பேச முடியும்.

ஒப்செட்டில் முதல் நல்ல பிரதி வெளியே வருவதற்கு முன்பே செலவில் ஒரு பெரிய பகுதி முடிந்துவிடுகிறது. சயன், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு நிறங்களுக்கும் தனித்தனி அலுமினியத் தகடு செய்ய வேண்டும். அவற்றை இயந்திரத்தில் பூட்டி, நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று விலகாமல் விழும்வரை, மையும் தண்ணீரும் சமநிலைக்கு வரும்வரை தாளை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி வீணாகும் தாள் 100ஐத் தாண்டுவது சாதாரணம். உங்கள் 300 பிரதிக்கு, ஏ3 தாள் ஒன்றில் நான்கு வீதம், 75 தாள்தான் தேவை. 75 நல்ல தாளுக்காக 100 தாளைக் குப்பையில் போடுகிற வேலை அது. 5000 பிரதிக்கோ 1250 தாள் வேண்டும். அங்கே அதே 100 தாள் பெரிய இழப்பல்ல.

டிஜிட்டல் இயந்திரத்தில் தகடு கிடையாது. கோப்பைக் கொடுத்தால் முதல் தாளே நல்ல தாள். ஆனால் ஆயிரமாவது தாளுக்கும் முதல் தாளுக்கு உள்ள அதே கட்டணந்தான். டோனருக்கும் இயந்திரப் பராமரிப்புக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தொகை ஏறிக்கொண்டே போகும், குறையாது.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள தொகைகள் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்களுக்குக் கிடைத்த விலையை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். டிஜிட்டலில் இரண்டு பக்கமும் அடித்த ஏ5 ஒன்றுக்கு 30 ரூபாய் என்று வையுங்கள். ஒப்செட்டில் தகடு, இயந்திரம் தயார் செய்வது, வீணாகும் தாள் எல்லாம் சேர்த்து 16,000 ரூபாய், அதன் பிறகு பிரதிக்கு 5 ரூபாய். 300 பிரதிக்கு டிஜிட்டல் 9,000, ஒப்செட் 17,500. 5000 பிரதிக்கு டிஜிட்டல் 1,50,000, ஒப்செட் 41,000. இரண்டும் சமமாகும் இடத்தைக் கண்டுபிடிக்க, ஒப்செட்டின் ஆரம்பச் செலவை இரண்டு பிரதி விலைகளுக்கும் இடையிலான வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். 16,000ஐ 25ஆல் வகுத்தால் 640. இந்த விலைகளில் 640க்குக் கீழே டிஜிட்டல், அதற்கு மேலே ஒப்செட்.

இதைச் செய்ய அச்சகத்தில் ஒரே ஒரு விலை கேட்டால் போதாது. 1000க்கு எவ்வளவு, 2000க்கு எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆயிரத்தால் வகுத்தால் பிரதிக்கான ஓட்டச் செலவு கிடைக்கும். அதை 1000 பிரதிக்குப் பெருக்கி, 1000த்தின் மொத்த விலையிலிருந்து கழித்தால் மிஞ்சுவது ஆரம்பச் செலவு. இப்படிக் கேட்கிறவரிடம் கண்ணை மூடிக்கொண்டு விலை சொல்ல யாரும் துணியமாட்டார்கள்.

இன்னொரு விஷயமும் கேளுங்கள்: "எத்தனை தகடு?" இரண்டு பக்கம், நான்கு நிறம் என்றால் எட்டுத் தகடு என்று சிலர் கணக்கெழுதுவார்கள். உங்கள் வேலைக்கு நான்கே போதும். ஏ3 தாளின் இடப் பாதியில் இரண்டு முன்பக்கம், வலப் பாதியில் இரண்டு பின்பக்கம் வைத்துத் தகடு செய்வார்கள். ஒரு பக்கம் அடித்துக் காய்ந்ததும் புத்தகத் தாளைப் புரட்டுவது போலத் திருப்பி, அதே தகட்டிலேயே மறுபக்கமும் அடிப்பார்கள். முன்பக்கத்தின் முதுகில் பின்பக்கம் வந்து உட்கார்ந்துவிடும். வெட்டினால் ஒரு தாளில் நான்கு முழுப் பிரதி. தகட்டுச் செலவு பாதியாகிறது, இயந்திரத்தை இரண்டாம் முறை தயார் செய்ய வேண்டியதும் இல்லை. இந்தச் சிறிய வேலைக்கு எட்டுத் தகட்டுக்கான விலை சொல்லப்பட்டிருந்தால் ஏன் என்று கேட்பதில் தவறே இல்லை.

500 முதல் 1000 வரை வேண்டியவர்களுக்கு நடுவே ஒரு வழி உண்டு. பலருடைய துண்டுப்பிரசுரங்களை ஒரே பெரிய தாளில் சேர்த்து ஒரே தகட்டில் அடிப்பார்கள். ஆரம்பச் செலவு பங்கு போடப்படுவதால் விலை நன்றாகக் குறையும். ஆனால் தாள் அவர்கள் சொல்வதுதான், நாள் அவர்கள் சொல்வதுதான். பக்கத்தில் இருப்பவருடைய படத்துக்கு நீலம் கூட்டினால் உங்கள் லட்டும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். தின்பண்டத்தின் மஞ்சளும் பழுப்பும் சற்று மாறினாலே பழைய பண்டம் போலத் தெரியும். ஆகவே உங்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். வகுப்பு விளம்பரம், வாடகை அறிவித்தல் போன்றவற்றுக்குச் சொல்வேன்.

இனித் தாள். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது. ஏ0 தாள் சரியாக ஒரு சதுர மீட்டர். அதை ஐந்து முறை பாதியாக்கினால் ஏ5. அதாவது ஒரு சதுர மீட்டரில் 32 ஏ5. ஆகவே ஜிஎஸ்எம்மை 32ஆல் வகுத்தால் ஓர் ஏ5இன் எடை வந்துவிடும். 130 ஜிஎஸ்எம் என்றால் ஏறக்குறைய 4 கிராம்.

இதைத் தெரிந்துகொண்டால் பெரிய நன்மை ஒன்று உண்டு. பிரசுரம் வந்ததும் 100 பிரதிகளை எண்ணி எடுத்து, உங்கள் கடைத் தராசிலேயே வையுங்கள். பலகாரம் நிறுக்கும் மின் தராசு போதும். 130 என்றால் 406 கிராம் காட்ட வேண்டும். 115 என்றால் 359, 100 என்றால் 312. நான்கைந்து சதவீதம் கூடக்குறைய இருப்பது தாளின் இயல்பு. மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்துச் சற்றுக் கனக்கவும் செய்யும். ஆனால் 130க்குப் பணம் கொடுத்த இடத்தில் தராசு 360 காட்டினால் உங்கள் கையில் இருப்பது 115. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஆசியாவில் உற்பத்தியாகும் ஆர்ட் பேப்பர் பலவும் 128, 157 என்ற எடைகளில் வருகின்றன. பேச்சில் அவற்றை 130, 150 என்று சொல்வது வழக்கம். 100 பிரதிக்கு 400 கிராம் காட்டினால் அது 128. அதற்காக யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

எடையை வைத்து மட்டும் தடிப்பைச் சொல்லிவிட முடியாது. போட்டோகொப்பித் தாளின் மேற்பரப்பில் பூச்சு இல்லை. அதன் நார்களுக்கிடையே காற்று இருக்கிறது. ஆர்ட் பேப்பருக்கு வெண்களிமண், சுண்ணாம்பு வகைப் பூச்சிட்டு அழுத்தி மினுக்கியிருக்கிறார்கள். அதனால் 100 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், 100 ஜிஎஸ்எம் பூச்சில்லாத தாளைவிட மெல்லியதாக, தளர்ந்ததாகக் கையில் படும். மட் பூச்சு பளபளப்புப் பூச்சைவிடக் குறைவாக அழுத்தப்படுவதால், ஒரே எடையில் மட் சற்றுத் தடிப்பாக இருக்கும். 170 மட் காட்டியவர் உங்கள் கையில் அந்தத் தடிப்பைத்தான் கொடுத்திருப்பார். தொட்டதும் பிடித்துப்போயிருக்கும். திருமண அழைப்பிதழுக்கு அந்த உணர்வு வேண்டும். ஆட்டுப்பட்டித் தெருவில் மீன் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர் ஒரு கையால் வாங்கி, பெயரையும் இடத்தையும் பார்த்து, மடித்துப் பையில் போடுகிற தாளுக்கு வேண்டாம். 170ஐக் கையால் மடித்தால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு விழும். டிஜிட்டல் டோனர் என்றால் இன்னும் மோசம். டோனர் தாளுக்குள் இறங்குவதில்லை, மேலே உருகி ஒட்டியிருக்கிறது, ஆகவே செதிலாக உதிரும்.

மறுபக்கம், 80 போதும் என்றவரும் பாதிதான் சரி. ஒரு பக்கம் மட்டும், ஒரே நிறத்தில் எழுத்து என்றால் 80 மிக நல்ல தாள். உங்களுக்கோ இரண்டு பக்கமும் படங்கள். 80ஐ வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பின்பக்கத்து முறுக்கு முன்பக்கத்து விலைப்பட்டியலுக்குள் நிழலாகத் தெரியும். பூச்சு இல்லாததால் மை உள்ளே இறங்கி நிறமும் மங்கிவிடும். நெய் மினுங்கும் பலகாரத்தை அதில் காட்ட முடியாது. அதனால்தான் 5000க்கு 100 அல்லது 115 ஆர்ட் பேப்பர் என்கிறேன். பத்திரிகைக்குள் வைத்தால் வழுக்கி விழாத அளவுக்கு மெல்லியது, படம் பளிச்சென்று நிற்கும். எடையிலும் பாருங்கள்: 5000 பிரதி 115இல் 18 கிலோ, 170இல் 26.6 கிலோ. தாளின் விலை எடையைப் பின்பற்றித்தான் போகிறது. தாள் இறக்குமதிப் பண்டம். டொலர் அசைந்தால் அதன் விலையும் அசையும். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனதை மறந்திருக்கமாட்டீர்கள். ஆகவே கிடைத்த விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

300க்கு மட்டும் ஏன் 130? அது தெரிந்தவர்களின் வீட்டுக்குப் போகிறது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தின் கீழ் சில வாரம் தொங்க வேண்டும். சுருளாமல் நிற்க அந்த விறைப்பு வேண்டும். 75 தாளில் 115க்கும் 130க்கும் உள்ள விலை வித்தியாசம் கணக்கில் வராத அளவு. டிஜிட்டலில் மட் கேட்காமல் விடுவதற்கும் காரணம் இருக்கிறது: டோனரே பளபளப்பானது. மட் தாளில் அடித்தால் படம் இருக்கும் இடம் மினுங்கும், வெற்றிடம் மங்கும், திட்டுத்திட்டாகத் தெரியும்.

மட் பற்றி இன்னும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், நான் பார்த்து வருந்திய வேலை அது. பல வருடங்களுக்கு முன், நான் வேலை செய்த ஓர் அச்சகத்தில், கார்த்திகை மாத மழையில் ஒரு புடவைக் கடைக்கு 3000 பிரசுரம் அடித்தோம். 150 மட், பின்னணி முழுக்க அரக்குச் சிவப்பு. மட் பூச்சின் மேற்பரப்பு நுண்ணிய மணல்தாள் போன்றது. மை காய்வதும் மெதுவாக, காய்ந்த பிறகும் உரசினால் விட்டுவரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்ததால் இன்னும் மெதுவாகக் காய்ந்தது. மாலையில் தொட்டுப் பார்த்தபோது காய்ந்தது போலத்தான் இருந்தது. அவசரம் என்று அன்றிரவே வெட்டும் இயந்திரத்தில் வைத்தார்கள். அந்த இயந்திரம் வெட்டுவதற்கு முன் தாள் அடுக்கை மேலிருந்து பலமாக அமுக்கிப் பிடிக்கும். அந்த அமுக்கத்தில் ஒவ்வொரு தாளின் சிவப்பும் மேலே இருந்த தாளின் முதுகில் பேய் போல் பதிந்துவிட்டது. மறுநாள் காலையில் கட்டைப் பிரித்த கடைக்காரரின் விரல் நுனி பத்தும் சிவப்பு. முழுவதையும் திரும்ப அடிக்க நேர்ந்தது.

ஆகவே ஒப்செட் பிரசுரம் எடுக்கப் போகும்போது கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவி, அடர்ந்த நிறம் இருக்கும் இடத்தை வெள்ளைத் தாளால் அழுத்தித் தேயுங்கள். நிறம் ஏறினால் இன்னும் ஒரு நாள் அங்கேயே இருக்கட்டும். மேலே இருக்கும் பிரதியைச் சோதித்துப் பயனில்லை, அது காற்றுப் பட்டு முதலில் காய்ந்துவிடும்.

வடிவமைப்பில் இரண்டே விஷயங்கள். கறுப்பு எழுத்துகள் கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு நிறமும் கலந்த கறுப்பாக இருந்தால், தகடு இம்மி விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கரை கட்டும். அடர்நிறப் பின்னணியில் சிறிய வெள்ளை எழுத்து வைப்பதும் ஆபத்து. ஆங்கில எழுத்து ஒருவாறு தப்பும். நம் ண, னை, ஞ, இ போன்றவற்றின் சுழிகள் மையால் அடைபட்டு, நெய் முறுக்கு எது, எள் உருண்டை எது என்று தெரியாமல் போகும். அப்படி வைத்தே ஆக வேண்டுமானால் எழுத்தைப் பெரிதாக்கி, தடித்த எழுத்தாக வையுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். இல்லையென்றால் அச்சகத்துக் கணினியில் "தமிழ்" என்ற சொல் `jkpo;` என்று திறக்கும்.

பணம் இன்னும் இறுக்கம் என்றால் தாளின் எடையைக் குறைப்பதற்கு முன் அளவைக் குறைத்துப் பாருங்கள். ஏ6 என்றால் ஒரு ஏ3 தாளில் எட்டு. அதே 1250 தாளில் 10,000 பிரதி, அல்லது 5000க்கு 625 தாள். 130இலிருந்து 115க்கு இறங்கினால் தாள் செலவில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான் குறையும். அளவைப் பாதியாக்கினால் தாள் செலவே பாதியாகும். ஒரு நல்ல படம், ஐந்து பலகாரத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றுக்கு ஏ6 தாராளம்.

அதற்கும் கீழே ஒரு வழி இருக்கிறது. டியூசன் வகுப்புகளில் பாடக் குறிப்பு அடிக்கும் ரைசோ இயந்திரம். மூலப் பிரதி ஒன்றிலிருந்து மெல்லிய அச்சுத்தாள் ஒன்றை அதுவே செய்துகொண்டு, வேகமாக அடித்துத் தள்ளும். பெரும்பாலும் ஒரே நிறம். நூறிலிருந்து ஓரிரு ஆயிரம் வரை அதைவிட மலிவாக எதுவும் வராது. அதன் மை காய்ந்து இறுகுவதில்லை, தாளுக்குள் ஊறித்தான் நிற்கும், ஆகவே ஆர்ட் பேப்பரில் அடித்தால் கையோடு வந்துவிடும். 80 ஜிஎஸ்எம் பூச்சில்லாத தாள்தான் அதற்கு உரியது. மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புத் தாள் வாங்கிக் கொடுத்தால் நிறத்துக்கான செலவும் இல்லை. படம் சொரசொரப்பாக வரும் என்பதால் திறப்பு விழாவுக்கு வேண்டாம். பிறகு, "வெள்ளிக்கிழமை சுடச்சுட மோதகம்" என்று பக்கத்துத் தெருக்களுக்கு மட்டும் 400 கொடுக்க வேண்டியிருந்தால் இதைத் தேடிப் போங்கள்.

நாள் பற்றிய ஒரு எச்சரிக்கை. மார்கழி வந்தால் கொழும்பு அச்சகங்கள் காலண்டரிலும் டயரியிலும் மூழ்கியிருக்கும். பொங்கலுக்குக் கடை திறக்க வேண்டுமானால் டிசம்பர் முதல் வாரத்திலேயே 300ஐ டிஜிட்டலில் எடுத்துவிடுங்கள். அவற்றை வாங்கிய யாராவது விலையிலோ தொலைபேசி எண்ணிலோ பிழை சொன்னால், 5000க்குத் தகடு செய்வதற்கு முன்பே திருத்திக்கொள்ளலாம். ஒப்செட் கோப்பை டிசம்பர் நடுப்பகுதிக்குள் கொடுத்து, அடித்து முடித்த தகடுகளை எத்தனை மாதம் வைத்திருப்பார்கள் என்று அப்போதே கேட்டு வையுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு அதே பிரசுரத்தைத் திரும்ப அடிக்கும்போது தகட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்காது.